அறிக்கை அறுபது பக்கம், கடிதம் ஒரு பக்கம்
(சுருக்கி எழுதுதலுக்கு ஒரு கூடுதல் பயிற்சி)

சுருக்கி எழுதுதல் என்றதும் நம் மாணவர்கள் முதலில் கேட்பது, "ஐயா, மூன்றில் ஒரு பங்கா?" என்பதுதான். பத்தியில் உள்ள சொற்களை எண்ணி, மூன்றால் வகுத்து, உவமைகளையும் எடுத்துக்காட்டுகளையும் நீக்கி, நல்ல தலைப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் கற்பித்து வருகிறேன். அந்த முறையில் தவறு இல்லை. ஆனால் அது எல்லாச் சுருக்கத்துக்கும் பொருந்தாது என்பதை வகுப்பறைக்கு வெளியே ஓர் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

சிதம்பரத்தை அடுத்த சில சிற்றூர்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையினர் என்னிடம் வந்தார்கள். தங்கள் ஆண்டறிக்கை அறுபது பக்கத்துக்கு மேல் போவதாகவும், நன்கொடை தந்தவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை என்றும், அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். தமிழாசிரியருக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தேன். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு வாக்கியம் என்ற கணக்கில் ஒரே இரவில் எழுதி முடித்தேன். தலைவர் உரைக்கு இரண்டு, மையங்களுக்கு இரண்டு, பயிற்சி முகாமுக்கு இரண்டு, விளையாட்டு விழாவுக்கு இரண்டு, நன்றியுரைக்கு இரண்டு.

கடிதம் போன பத்தாம் நாள், நன்கொடையாளர்களில் ஒருவர், கடலூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. மையம் நடந்துச்சு, முகாம் நடந்துச்சு, விழா நடந்துச்சு. எல்லாம் சரி. போன வருஷம் எழுத்துக் கூட்டத் தெரியாம வந்த பிள்ளைங்கள்ல எத்தனை பேர் இப்போ படிக்கிறாங்க? அது அறிக்கையில இல்லையா?"

இருந்தது. அறிக்கையின் கடைசிப் பின்னிணைப்பில், சிறிய எழுத்தில், ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த வாசிப்புச் சோதனையின் அட்டவணை இருந்தது. பின்னிணைப்புதானே என்று நான் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அறுபது பக்கத்தையும் சம அளவில் சுருக்கிய நான், அந்த அறிக்கையில் சொல்ல வேண்டியிருந்த ஒரே செய்தியை விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் இதை ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பயிற்சியாக அமைத்தேன். மூன்று பாடவேளை போதும். முதல் வேளையில் நான் செய்வது ஓர் இலக்கண வேலை.

ஆண்டறிக்கைகளின் தமிழுக்கு ஒரு தனி வாசனை உண்டு. "முகாம் நடத்தப்பட்டது", "உபகரணங்கள் வழங்கப்பட்டன", "விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது". எல்லாம் செயப்பாட்டுவினை. நிறுவனம் செய்த வேலையைப் பணிவாகச் சொல்வதற்காக எழுதுபவர்கள் இப்படி எழுதுகிறார்கள். மாணவர்களை அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைமுற்றுக்கு அடிக்கோடு இடச் சொல்கிறேன். பிறகு ஒரே கேள்வி: இந்தச் செயலுக்கு எழுவாய் யார்? "நாங்கள்" என்று வந்தால் நீல நிறம். பயன் பெற்றவரோ, அந்த இடமோ, அந்த மரமோ எழுவாயாக வந்தால் பச்சை நிறம். "பயிற்சி வழங்கப்பட்டது" என்பதை விரித்தால் "நாங்கள் பயிற்சி வழங்கினோம்" என்று வரும், அது நீலம். "பயிற்சி பெற்றவர்களில் பதினோரு பேர் சொந்தமாகத் தையல் செய்கிறார்கள்" என்பதில் எழுவாய் அந்தப் பதினோரு பேர், அது பச்சை. நீலம் என்பது செய்த வேலை. பச்சை என்பது அந்த வேலையால் நேர்ந்தது. பக்கம் பக்கமாக நீலம் விழுந்து, எங்கோ ஓரிடத்தில் பச்சை தெரியும்போது மாணவர்களே வியந்துபோகிறார்கள்.

"விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது" என்ற வாக்கியம் வகுப்பில் எப்போதும் சண்டையைக் கிளப்பும். மக்கள் விழிப்படைந்தார்கள், ஆகவே பச்சை என்று சிலர் சொல்வார்கள். அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அறிக்கையில் விடை இருக்காது. கூட்டம் நடந்தது மட்டும்தான் தெரியும். அது நீலம்தான்.

இந்த வேறுபாட்டை நம் மாவட்டத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு காட்டினால் உடனே பதிகிறது. பிச்சாவரத்தை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள இந்த அலையாத்திக் காட்டில் ஒரு பெரும்பகுதி மரங்களே இல்லாத வெற்றுச் சேறாகக் கிடந்தது. பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி எடுத்ததால் மண் வெயிலில் திறந்து கிடந்தது. ஈரம் வற்றி, தரை இறங்கித் தட்டுபோல் ஆனது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்கவில்லை. 1990களில் சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாடு வனத்துறையுடனும் உள்ளூர் மக்களுடனும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டியது. நடுவில் ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதநீர் ஏறவும் இறங்கவும் வழி கிடைத்ததும் உப்பு கழுவப்பட்டுக் குறைந்தது. கிளை வாய்க்கால்களின் சரிவில் வெண்கண்டல் நாற்றுகளை நட்டார்கள். இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியம் இப்பணிக்கு நிதி உதவியது.

இங்கே வகுப்பைக் கேட்கிறேன்: பணம் தந்தவருக்கு எதை எழுதுவீர்கள்? வெட்டிய வாய்க்கால்களின் நீளத்தையா? நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையையா? இரண்டும் நீலம். அந்நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வேறொன்றைச் செய்தார்கள். 1986ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டு, பிச்சாவரத்தில் அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். எழுவாய் காடு, வினை கூடியது. அதுதான் பச்சை. இதற்குப் பதினாறு ஆண்டு இடைவெளி தேவைப்பட்டது என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் பாடவேளைக்கு எட்டுப் பக்க மாதிரி அறிக்கை ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன். அலையாத்தி நடும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் அறிக்கை. நிறுவனமும் எண்களும் பயிற்சிக்காக நான் அமைத்தவை. எண்களை வேண்டுமென்றே உண்மை அறிக்கைகளில் வருவதுபோல் சிதறி வைத்திருக்கிறேன். தலைவர் உரையில் "15,000 நாற்றுகள்" என்று வரும். ஐந்தாம் பக்க அட்டவணையில் 12,000 என்று வரும். பின்னிணைப்பில் 2,400, 1,464 என்று இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். எது சரி என்று வகுப்பு தேட வேண்டும்.

எல்லாமே சரிதான். 15,000 என்பது நாற்றங்காலில் வளர்த்தது. 12,000 என்பது 2022 நவம்பரில் நட்டது: 40 கிளை வாய்க்கால்கள், ஒவ்வொன்றிலும் 300. பின்னிணைப்பு, 2024 ஜனவரியில் நாற்பதில் எட்டு வாய்க்கால்களை மட்டும் எண்ணிய கணக்கு. அந்த எட்டில் நட்டவை 2,400. உயிரோடு நிற்பவை 1,464. இது 61 விழுக்காடு. 12,000க்கு 61 விழுக்காடு என்றால் 7,320. ஆனால் எல்லாவற்றையும் யாரும் எண்ணவில்லை. ஆகவே கடிதத்தில் "7,320 கன்றுகள்" என்று எழுதக் கூடாது. அந்தக் கடைசி இருபது, எண்ணாத ஒன்றை எண்ணியதுபோல் காட்டும். "எட்டு வாய்க்கால்களில் எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்கு 61 பிழைத்துள்ளன, இதன்படி சுமார் 7,300 கன்றுகள் நிற்கின்றன" என்று எழுத வேண்டும். கணித ஆசிரியர் ஒருவரை இந்த வேளைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. எந்த எட்டு வாய்க்கால்கள், யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் கேட்பார். எனக்கு முதல் முறை அது தோன்றவே இல்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தால் நம்பலாம். இப்போது என் மாதிரி அறிக்கையில் "குலுக்கல் முறையில்" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன், ஓர் அடிக்குறிப்பில்.

பின்னிணைப்பைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். எட்டில் ஐந்து வாய்க்கால்கள் நன்றாக ஓடுகின்றன. அங்கே 1,500இல் 1,254 பிழைத்திருக்கின்றன. மூன்று வாய்க்கால்களில் மழைக்கால வெள்ளம் கொண்டுவந்த வண்டல் வாயை அடைத்துவிட்டது. அங்கே 900இல் 210தான் மிச்சம். ஆக 61 என்ற சராசரி இரண்டு வேறு கதைகளை மூடி வைத்திருக்கிறது. நாற்றில் குறையில்லை, நட்ட விதத்தில் குறையில்லை. தூர் வாராததே குறை.

இதைக் கடிதத்தில் எழுதலாமா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "ஐயா, செத்துப்போனதை எழுதினா அடுத்த வருஷம் எவன் பணம் தருவான்?" என்றான் ஒருவன். கிள்ளைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "வாய்க்கால் அடைச்சா தண்ணி வராது, தண்ணி வரலன்னா இறாலும் வராதுன்னு எங்க அப்பா சொல்வாரு. தூர் வாரணும்னு எழுதினாதானே அதுக்குப் பணம் வரும்?" என்றாள். நான் எதையும் சேர்க்கவில்லை.

பணக் கணக்கில் ஒரு நுட்பம். அறிக்கையின் இறுதியில் தணிக்கையாளர் கணக்கு இருக்கும். அது மார்ச் 31 உடன் முடியும் ஓராண்டுக் கணக்கு. நாற்று நட்டதோ 2022 நவம்பரில்; எண்ணியது 2024 ஜனவரியில். இரண்டும் வேறு வேறு நிதியாண்டுகள். 2023–24 கணக்கில் உள்ள ரூ.1,90,000ஐ மட்டும் எடுத்து எழுதினால் கன்று மிக மலிவாகத் தெரியும். வரவு செலவுக் கணக்கில் சென்ற ஆண்டின் தொகையும் பக்கத்துப் பத்தியில் அச்சாகியிருக்கும், அதில் ரூ.4,10,000 இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ரூ.6,00,000. நட்ட கன்றுக்கு ரூ.50, நிற்கும் கன்றுக்கு ஏறத்தாழ ரூ.82. மாணவர்களுக்கு இந்த இரண்டாவது எண் பெரிய அதிர்ச்சி. நட்ட ஆண்டிலேயே எழுதும் கடிதத்தில் பிழைத்த கணக்கு வரவே முடியாது என்பதும் இங்கே புரியும். நவம்பரில் நட்டதற்கு மார்ச்சில் நான்கு மாதம்தான் வயது. கோடை வெயிலை அது இன்னும் பார்க்கவில்லை. இந்த ஆண்டுக் கடிதம் சென்ற ஆண்டு நடவைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும்.

"பயனாளிகள்" என்ற சொல்லையும் இந்த வேளையிலேயே பார்த்துவிடுகிறோம். மாதிரி அறிக்கையில் நாற்றங்கால் பயிற்சிக்கு 40 பேர், வாய்க்கால் வேலைக்கு 60 பேர், கண்காணிப்புக் குழுவில் 20 பேர், "ஆக 120 பயனாளிகள்" என்று இருக்கும். வருகைப் பட்டியலைப் பார்த்தால் கண்காணிப்புக் குழுவின் 20 பேரும் வாய்க்கால் வேலை செய்தவர்களே. பயிற்சி பெற்றவர்களில் 25 பேரும் அப்படியே, குழுவில் இல்லாதவர்கள். ஆட்களை எண்ணினால் 75. தலைகளை எண்ணாமல் வருகைகளை எண்ணுவது அறிக்கைகளில் மிகப் பரவலான பிழை. பெரும்பாலும் யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொருவர் எழுதியிருப்பார்.

மூன்றாம் வேளையில் கடிதம். மாணவர்களின் பல வரைவுகளிலிருந்து ஒட்டி நாங்கள் தயாரித்தது இது:

அன்புடையீர், வணக்கம்.

2022ஆம் ஆண்டு நீங்களும் மற்ற நண்பர்களும் தந்த உதவியால், மரமின்றிக் கிடந்த சேற்று நிலத்தில் 40 வாய்க்கால்கள் வெட்டி 12,000 வெண்கண்டல் நாற்றுகளை நட்டோம். பதினான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், குலுக்கல் முறையில் எட்டு வாய்க்கால்களைத் தேர்ந்து எண்ணிப் பார்த்தோம். நூற்றுக்கு 61 கன்றுகள் உயிரோடு நிற்கின்றன. இதன்படி மொத்தம் சுமார் 7,300 கன்றுகள் வளர்ந்து வருகின்றன.

நீர் ஓடும் வாய்க்கால்களில் நூற்றுக்கு 83க்கு மேல் பிழைத்துள்ளன. எண்ணிய எட்டில் மூன்று வாய்க்கால்கள் வண்டலால் அடைபட்டுவிட்டன; அங்கே நூற்றுக்கு 23 மட்டுமே மிஞ்சின. முதல் மழைக்காலம் முடிந்ததுமே நாங்கள் தூர் வாரியிருக்க வேண்டும். செய்யவில்லை.

இரண்டு ஆண்டுகளில் இப்பணிக்கு வந்தது ரூ.7,20,000. செலவு ரூ.6,00,000. இதில் ரூ.3,90,000 உள்ளூர் மக்கள் 60 பேருக்குக் கூலியாகச் சென்றது. மீதி ரூ.1,20,000 அடைபட்ட வாய்க்கால்களைத் தூர் வார வைக்கப்பட்டுள்ளது. வரும் ஜனவரியில் மீண்டும் எண்ணி உங்களுக்கு எழுதுவோம்.

முழு அறிக்கையும் தணிக்கைக் கணக்கும் அலுவலகத்தில் உள்ளன, கேட்டால் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

தலைவர் உரை இதில் இல்லை. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஊர்வலம் இல்லை. நாற்றங்காலின் 15,000 இல்லை. வருமானவரிச் சலுகைக்கான சான்றும் இதில் வராது. அதைத் தனியாக அனுப்புவார்கள். "வைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு செயப்பாட்டுவினை மட்டும் தப்பி உள்ளே வந்துவிட்டது. அடுத்த வகுப்பில் ஒருவன் அதைக் கண்டுபிடித்தான். "வைத்திருக்கிறோம்" என்று திருத்தினோம். இங்கே பழையபடியே தந்திருக்கிறேன், உங்கள் மாணவர்களும் தேடட்டும்.

நன்றாக எழுதும் மாணவர்கள் செய்யும் தவறு வேறு வகை. மேற்படி கடிதத்தின் முடிவில் ஒரு மாணவி, "நீங்கள் வளர்த்த இந்தக் காடு சுனாமியிலிருந்து எங்கள் ஊர்களைக் காக்கும்" என்று சேர்த்திருந்தாள். வகுப்பு கைதட்டியது. நம் கடற்கரையில் 2004 டிசம்பர் 26ஐ மறந்தவர் இல்லை. அந்த வாக்கியம் யாரையும் தொடும். ஆனால் அதை எழுதலாமா?

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் இப்பகுதியின் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தொலைவாகவும் மேட்டிலும் இருந்தன. இழப்பு குறைந்ததற்கு அந்தத் தொலைவும் மேடுமே பெரும்பாலும் காரணம், மரங்களின் பங்கு மிகச் சிறியது என்றார்கள். இன்னும் சிலர் மீண்டும் கணக்கிட்டு, மரங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள்.

இந்த வாதத்தை வகுப்பில் ஊர்ப் பெயர் இல்லாமல் ஒரு படமாக வரைகிறேன்: கடல், மணல்மேடு, காடு, காட்டுக்குப் பின்னால் ஓர் ஊர், கடலோரம் இன்னோர் ஊர். பின்னால் உள்ள ஊரில் இழப்பு குறைவு. காரணம் காடா, தொலைவா, மேடா? மூன்றும் ஒரே ஊருக்கு ஒன்றாக அமைந்திருக்கும்போது ஒன்றை மட்டும் காரணம் என்று எப்படிச் சொல்வது? "காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவாக இருந்தது" என்பது பார்த்ததைச் சொல்லும் வாக்கியம். "காடு காத்தது" என்பது காரணத்தைச் சொல்லும் வாக்கியம். முன்னதைச் சான்றோடு எழுதலாம். பின்னதை, அதுவும் பதினான்கு மாதக் கன்றுகளை வைத்துக்கொண்டு, எழுத முடியாது. அந்த மாணவி கொஞ்சம் வருத்தத்தோடுதான் வாக்கியத்தை அடித்தாள். அதற்குப் பதிலாக அவள் எழுதியது: "கன்றுகளின் உயரத்தையும் அடுத்த முறை அளப்போம்."

நேர அளவு பற்றி ஒரு சொல். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு இதை முழுமையாகச் செய்ய வேண்டாம். நீலம், பச்சை வேலை மட்டும் போதும், அதுவும் பத்து வாக்கியங்களுக்கு. தொடக்கப் பள்ளியில் "நாங்கள் என்ன செய்தோம், அதனால் என்ன ஆயிற்று" என்று பள்ளித் தோட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல வைத்தாலே அது இந்தப் பாடம்தான். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தேர்வு முறைச் சுருக்கத்தை முதலில் கற்பித்துவிட்டு இதற்கு வாருங்கள். இல்லாவிட்டால், தேர்வில் மூன்றில் ஒரு பங்கு கேட்டிருக்கும் இடத்தில் பத்தியின் பாதியை விட்டுவிட்டு, "அது நீலம் ஐயா" என்கிறார்கள். எனக்கு அப்படி இரண்டு விடைத்தாள்கள் வந்தன.

இந்த ஆண்டு மாதிரி அறிக்கையை ஒதுக்கிவிட்டு உண்மையான ஒன்றை எடுத்திருக்கிறோம். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித் தந்தார்கள். எத்தனை புத்தகம் வந்தது என்பது இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை புத்தகம் ஒரு முறையாவது வெளியே போனது என்பதை வழங்கல் பதிவேட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரே மாணவன் ஒரே புத்தகத்தை நான்கு முறை எடுத்திருந்தால் அதை எப்படி எண்ணுவது என்பதில் வாதம் இன்னும் முடியவில்லை.